தாமிர வினையூக்கியில் தொகுப்பு வாயுவிலிருந்து மெத்தனால்: ஒரு 80 பார் சுற்றைக் கணக்கிட்டுப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

மெத்தனால் தயாரிப்பைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் மூன்று தனித்தனிப் பத்திகளாக நின்றுவிடுகின்றன: அழுத்தம் இவ்வளவு, மீந்த வாயு திரும்ப அனுப்பப்படுகிறது, கடைசியில் காய்ச்சி வடிக்கிறார்கள். இந்த மூன்றும் ஒன்றையொன்று தீர்மானிப்பவை. வினையூக்கி எந்த வெப்பநிலையில் வேலை செய்கிறதோ அது அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அந்த அழுத்தத்தில் கிடைக்கும் மாற்றம் மறுசுழற்சியைக் கட்டாயமாக்குகிறது. மறுசுழற்சி, வாயுவில் உள்ள ஒவ்வொரு சிறு குறையையும் பெருக்கிக் காட்டுகிறது. வினையூக்கியில் நடந்த தவறெல்லாம் கடைசியில் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தில் மாசாக வந்து நிற்கிறது. மெத்தனால் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவருக்கான வழிகாட்டி இது; இந்தச் சங்கிலியை எண்களோடு காட்டுவதுதான் அந்தக் கட்டுரைக்குப் பலம். கீழே 100 மோல் புதிய வாயுவை எடுத்துக்கொண்டு, அது தூய மெத்தனால் ஆகும்வரை கூடவே போகலாம்.

1. வினைகளை எழுதி, வாயுவின் விகிதத்தைச் சரிபாருங்கள்

தொகுப்பு வாயுவில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு மூன்றும் இருக்கும். கூடவே வினைப்படாத மீத்தேனும் நைட்ரஜனும் சிறிதளவு வரும். நடக்கும் வினைகள் இவை:

CO + 2H₂ ⇌ CH₃OH (ΔH ≈ −91 kJ/mol)

CO₂ + 3H₂ ⇌ CH₃OH + H₂O (ΔH ≈ −50 kJ/mol)

CO + H₂O ⇌ CO₂ + H₂ (ΔH ≈ −41 kJ/mol)

மூன்றாவது சமன்பாடு முதல் இரண்டின் வித்தியாசம்தான். ஆகவே சமநிலைக் கணக்குக்கு எந்த இரண்டை எடுத்தாலும் போதும். ஆனால் தாமிரத்தின் மேல் உண்மையில் எது நடக்கிறது என்பது வேறு கேள்வி. கார்பனின் கதிரியக்க ஐசோடோப்பை அடையாளமாக வைத்துச் செய்த சோதனைகளில், வழக்கமான தொழிற்சாலை நிலைகளில் மெத்தனாலில் இருக்கும் கார்பன் பெரும்பாலும் CO₂-இலிருந்தே வருவது தெரிந்தது. CO-வின் முக்கிய வேலை, உண்டாகும் நீரை மூன்றாவது வினை வழியாக எடுத்துக்கொண்டு மறுபடி CO₂ ஆவது. நீர் தாமிரப் பரப்பில் ஒட்டிக்கொண்டு வினையை மெதுவாக்கும் என்பதால் இந்த வேலை முக்கியமானது. இதனால்தான் CO₂ அறவே இல்லாத வாயுவில் வினையின் வேகம் பெரிதும் விழுந்துவிடுகிறது. CO₂ மிக அதிகமானாலும் நீர் பெருகி வேகம் குறையும். சில சதவீதம் CO₂ இருக்கும் வாயுவே வினையூக்கிக்கு ஏற்றது.

இரண்டு கார்பன் ஆக்சைடுகளையும் சேர்த்து ஹைட்ரஜன் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க ஒரே எண் போதும்:

M = (H₂ − CO₂) / (CO + CO₂)

M சரியாக 2 என்றால் எல்லா ஹைட்ரஜனும் எல்லாக் கார்பன் ஆக்சைடும் ஒன்றுக்கொன்று தீர்ந்துபோகும். நடைமுறையில் 2-ஐவிடச் சற்றே மேலே, 2.05 அளவில் வைப்பார்கள். மீத்தேனை நீராவியால் மட்டும் உடைத்தால் CH₄ + H₂O → CO + 3H₂ என்பதால் M ஏறக்குறைய 3 வரும், ஹைட்ரஜன் மிஞ்சும். வெளியிலிருந்து CO₂ கிடைத்தால் 3CH₄ + CO₂ + 2H₂O → 4CO + 8H₂ என்ற கணக்கில் அதைச் சரிசெய்யலாம். ஆக்சிஜனையும் சேர்த்து உடைக்கும் முறைகளில் M குறையும். நிலக்கரியை வாயுவாக்கினால் 2-க்குக் கீழே போய்விடும்; அப்போது மேலே மூன்றாவதாக உள்ள நீராவி மாற்ற வினையாலும் CO₂ நீக்கத்தாலும் அதை மேலே கொண்டுவர வேண்டும்.

நம் 100 மோல் புதிய வாயு இப்படி இருக்கட்டும்: H₂ 68, CO 22, CO₂ 8, மீத்தேன் 2. M = (68 − 8)/(22 + 8) = 2.0. முழுவதும் மாறினால் 30 மோல் மெத்தனாலும் 8 மோல் நீரும் கிடைக்கும்.

2. அழுத்தம் எங்கிருந்து வருகிறது

மூன்று மோல் வாயு ஒரு மோலாகச் சுருங்குவதால் அழுத்தம் மெத்தனாலுக்குச் சாதகம். வெப்பம் வெளிவிடும் வினை என்பதால் குறைந்த வெப்பநிலையும் சாதகம். பாடநூல் இங்கே நின்றுவிடும். கட்டுரை இன்னும் ஓரடி எடுத்து வைத்து, எவ்வளவு சாதகம் என்று காட்ட வேண்டும். CO வினையின் சமநிலை மாறிலிக்கு, அழுத்தம் பாரிலும் வெப்பநிலை கெல்வினிலும் இருக்கும்போது, இந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்தலாம்:

log₁₀K = 5139/T − 12.621

CO-வும் H₂-வும் 1:2 விகிதத்தில் மட்டும் இருப்பதாக வைத்து, மாறிய பங்கு X என்றால்:

K·P² = X(3 − 2X)² / [4(1 − X)³]

250 °C-இல் K ஏறக்குறைய 1.6 × 10⁻³. அழுத்தம் 50 பார் என்றால் இடப்பக்கம் 4 ஆகிறது. X = 0.5 போட்டுப் பாருங்கள்: 0.5 × 4 / (4 × 0.125) = 4. ஆக, பாதி CO மாற முடியும். அதே வெப்பநிலையில் 10 பார் மட்டுமே இருந்தால் X வெறும் 6 சதவீதம். 100 பாரில் 70 சதவீதம். இப்போது வெப்பநிலையை 350 °C-க்கு ஏற்றினால் K ஏறக்குறைய 4.2 × 10⁻⁵ ஆக விழுகிறது. அங்கேயும் 50 சதவீத மாற்றம் வேண்டுமென்றால் 300 பார் தேவை.

இந்த இரண்டு புள்ளிகளில்தான் மெத்தனால் தொழிலின் வரலாறே அடங்கியிருக்கிறது. 1923-இல் ஜெர்மனியின் லொய்னாவில் பி.ஏ.எஸ்.எஃப். தொடங்கிய முறை துத்தநாக ஆக்சைடு–குரோமியம் ஆக்சைடு வினையூக்கியைப் பயன்படுத்தியது. அது 320 °C-க்குக் கீழே போதிய வேகம் தராது. அதனால் 250 முதல் 350 பார் வரை அழுத்தம் கட்டாயமானது. தாமிரம் அதைவிடக் குறைந்த வெப்பநிலையில் வேலை செய்யும் என்பது அப்போதே தெரியும். ஆனால் நிலக்கரி வாயுவில் இருந்த கந்தகம் அதை உடனே கொன்றுவிடும். நீராவியால் உடைத்துக் கந்தகம் நீக்கிய சுத்தமான வாயு கிடைக்கத் தொடங்கிய பிறகே, 1966-இல் இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் ஐ.சி.ஐ. நிறுவனம் 50 பாரில் தாமிர முறையை ஓட்டியது. அழுத்தம் குறைந்ததற்குக் காரணம் வினையூக்கி. வினையூக்கி பிழைத்ததற்குக் காரணம் வாயுவின் சுத்தம். கட்டுரையில் இந்தக் காரணத் தொடர் விடுபடக் கூடாது.

மேலே உள்ள கணக்கு இலட்சிய வாயுவுக்கானது. 300 பாரில் உண்மை வாயுவின் நடத்தை அதிலிருந்து விலகும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்படியானால் 50 பாரை விட்டு இன்று ஏன் 80, 100 பார் வரை போகிறார்கள்? அழுத்தம் கூடினால் வினை வேகம் கூடும், அதே உற்பத்திக்கு வினையூக்கி குறைவாகப் போதும், குழாய்களும் வெப்பப் பரிமாற்றிகளும் சிறுக்கும், மெத்தனால் எளிதாகக் குளிர்ந்து திரவமாகும். எதிர்ப்பக்கம் அமுக்கும் செலவு. அது அழுத்த விகிதத்தின் மடக்கையோடு போகும்: 20 பாரிலிருந்து 80-க்குப் போக ln 4 = 1.39, 300-க்குப் போக ln 15 = 2.71. ஏறக்குறைய இரட்டிப்பு. பெரிய ஆலைகளில் 80 பார் அளவு நியாயமான நடுப்புள்ளி. நாம் அதையே எடுத்துக்கொள்வோம்.

3. வினையூக்கியைத் தயார்ப்படுத்துதல்: மிக ஆபத்தான சில நாட்கள்

வினையூக்கி உருளை வடிவ வில்லைகளாக, ஆக்சைடு நிலையில் வரும். எடையில் பாதிக்கு மேல் CuO, கால் பங்கு அளவில் ZnO, மீதியில் பெரும்பகுதி அலுமினா. வேலை செய்வது உலோகத் தாமிரத்தின் நுண்துகள்கள். துத்தநாக ஆக்சைடு அந்தத் துகள்களைப் பிரித்து நிறுத்துவதோடு தாமிரத்தின் செயலையும் கூட்டுகிறது. அலுமினா கட்டமைப்பைத் தாங்குகிறது.

CuO-வை ஒடுக்கி உலோகமாக்க வேண்டும்: CuO + H₂ → Cu + H₂O. இதுவும் வெப்பம் வெளிவிடும் வினைதான். மோலுக்குச் சுமார் 86 kJ. 60 சதவீதம் CuO உள்ள ஒரு டன் வினையூக்கியை எடுத்தால் அதில் 7.5 கிலோமோல் CuO இருக்கிறது. அதற்கு ஏறக்குறைய 170 கன மீட்டர் ஹைட்ரஜன் (0 °C, வளிமண்டல அழுத்தத்தில்) தேவை. வெளிவரும் நீர் 136 கிலோ, வெப்பம் 650 மெகாஜூல். இந்த வெப்பம் முழுவதையும் ஓடும் நைட்ரஜன் சுமந்து செல்ல வேண்டும். நைட்ரஜனில் 1 சதவீதம் ஹைட்ரஜன் முழுவதும் வினைப்பட்டால் வாயுவின் வெப்பநிலை 30 டிகிரி அளவில் ஏறும். கவனக்குறைவால் 5 சதவீதம் போய்விட்டால் ஏற்றம் 150 டிகிரியை நெருங்கும். ஒரே நாளில் தாமிரத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, பல ஆண்டு ஆயுள் போய்விடும்.

ஆகவே முறை இதுதான். நைட்ரஜனைச் சுழற்றியபடி வினையூக்கிப் படுக்கையை மெதுவாகச் சூடாக்கி, 1 சதவீதத்துக்கு மேற்படாத ஹைட்ரஜனோடு தொடங்குங்கள். உள்ளே போகும் ஹைட்ரஜனையும் வெளியே வருவதையும் அளந்துகொண்டே இருங்கள். வெப்பநிலை 230–240 °C-ஐத் தாண்டவிடக் கூடாது. ஏறத் தொடங்கினால் முதலில் ஹைட்ரஜனை நிறுத்துங்கள், நைட்ரஜன் ஓட்டத்தை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். பிரிகலனில் சேரும் நீரை எடைபோட்டு, கணக்கிட்ட அளவோடு ஒப்பிடுங்கள். நீர் வருவது நின்று, உள்ளும் வெளியும் ஹைட்ரஜன் ஒரே அளவானால் ஒடுக்கம் முடிந்தது. நீர் கணக்குக்குக் கணிசமாகக் குறைந்தால் படுக்கையின் ஏதோ ஒரு பகுதிக்கு வாயு போகவில்லை என்று பொருள்.

ஒடுக்கிய வினையூக்கி காற்றுப் பட்டால் தானே சூடேறி எரியும். வெளியே எடுக்கும் முன் அதேபோல் மிகக் குறைந்த ஆக்சிஜனை நைட்ரஜனில் கலந்து மெதுவாக ஆக்சைடாக்க வேண்டும்.

4. வினைக்கலனில் வெப்பத்தை எடுத்தல்

சுற்று நிலையாக ஓடும்போது வினைக்கலனுக்குள் 500 மோல் வாயு போகிறது, அதில் 27.5 மோல் மெத்தனால் உண்டாகிறது என்று அடுத்த பகுதியில் பார்ப்போம். அந்த மெத்தனாலில் 20 மோல் CO வழியாகவும் 7.3 மோல் CO₂ வழியாகவும் நிகரக் கணக்கில் வந்தால் வெளிவரும் வெப்பம் 2200 kJ அளவு. 500 மோல் வாயுவை ஒரு டிகிரி சூடாக்க 15 முதல் 16 kJ வேண்டும். வெப்பத்தை எடுக்காமல் விட்டால் வாயு 140 டிகிரி ஏறும். 220 °C-இல் நுழைந்தது 360 °C-ஐ நோக்கிப் போகும். சமநிலை அதற்கு முன்பே வினையை நிறுத்திவிடும்; தாமிரம் 300 °C-ஐ நெருங்கும்போதே வேகமாகச் சிதையும்.

வழி இரண்டு. ஒன்று, வினையூக்கியைப் பல படுக்கைகளாக அடுக்கி, நடுநடுவே குளிர்ந்த வாயுவைச் செலுத்துவது. கட்டுவது எளிது. ஆனால் செலுத்தப்பட்ட வாயு முந்தைய படுக்கைகளைக் கடக்காததால் வினையூக்கி அதிகம் தேவைப்படும். இன்னொன்று, வினையூக்கியை மெல்லிய குழாய்களில் நிரப்பி, வெளியே கொதிக்கும் நீரை வைப்பது. நீரின் கொதிநிலையே வெப்பநிலையைப் பிடித்து வைக்கும்: 30 பாரில் நீர் 234 °C-இலும் 40 பாரில் 250 °C-இலும் கொதிக்கும். நீராவி அழுத்தத்தைத் திருகினால் வினைக்கலனின் வெப்பநிலை மாறுகிறது. புதிய வினையூக்கியைக் குறைந்த நீராவி அழுத்தத்தில் தொடங்கி, செயல் குறையக் குறையச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். முதல் நாளே 250 °C-இல் ஓட்டினால் உற்பத்தி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் ஏற்றுவதற்கு இடமிருக்காது, சிதைவும் முன்பே தொடங்கிவிடும். இந்தப் பொறுமை, வினையூக்கியின் மூன்று நான்கு ஆண்டு ஆயுளில் நேரடியாகத் தெரியும்.

5. மறுசுழற்சியும் வெளியேற்று வாயுவும்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். வினைக்கலனை ஒருமுறை கடக்கும் ஒரே கடவில் எல்லா வாயுவும் மாறாது. மாறியதைக் குளிர்வித்துத் திரவமாக எடுத்துவிட்டு, மீதியை அமுக்கி மறுபடி அனுப்ப வேண்டும். மெத்தனாலை எடுத்துவிட்டால் சமநிலை மறுபடி தொடக்கத்துக்கு வரும். அந்த வாயு திரும்பவும் வினைப்படத் தயார்.

ஆனால் 100 மோலுக்கு 2 மோல் மீத்தேன் உள்ளே வருகிறது. அது வினைப்படாது. வெளியே போக வழி இல்லையென்றால் சுற்றில் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் சுற்று முழுவதும் மீத்தேனாகிவிடும். அதனால் ஒரு பகுதி வாயுவைத் தொடர்ந்து வெளியேற்ற வேண்டும். நிலையான ஓட்டத்தில் உள்ளே வரும் மந்த வாயுவும் வெளியே போகும் மந்த வாயுவும் சமம். (திரவத்தில் கரைந்து போகும் சிறு பகுதியை இங்கே விட்டுவிடுவோம்.) எனவே:

வெளியேற்று வாயு = 2 ÷ (அதில் மந்த வாயுவின் பங்கு)

சுற்றில் 10 சதவீத மந்த வாயுவை மட்டும் அனுமதித்தால் 20 மோல் வெளியேற்ற வேண்டும். அதோடு 18 மோல் பயனுள்ள வாயு போகும். உள்ளே வந்த 98 மோலில் அது 18 சதவீதம். 40 சதவீதம் வரை அனுமதித்தால் 5 மோல் வெளியேற்றினால் போதும், இழப்பு 3 மோல்தான். ஆனால் அப்போது 80 பார் சுற்றில் வினைப்படும் வாயுவின் பகுதி அழுத்தம் 48 பார்தான். பெரும் செலவில் ஏற்றிய அழுத்தத்தில் 32 பாரை மீத்தேன் பிடித்துக்கொண்டிருக்கிறது. 20 சதவீதத்தில் 10 மோல் வெளியேறும், 8 மோல் இழப்பு. நம் சுற்றுக்கு இதை வைப்போம்.

இனி முழுச் சுற்றையும் மூடிப் பார்க்கலாம். வினைப்பட்டது 98 − 8 = 90 மோல். முழு மாற்றத்தில் 98 மோலுக்கு 30 மெத்தனால் என்பதால், 90-க்கு 27.5 மோல் மெத்தனாலும் 7.3 மோல் நீரும். புதிய வாயுவைப்போல் நான்கு மடங்கு மறுசுழற்சி என்று கொள்வோம்: 400 + 100 = 500 மோல் உள்ளே. எந்த வழியில் உண்டானாலும் ஒரு மோல் மெத்தனாலுக்கு மொத்த மோல் எண்ணிக்கை இரண்டு குறையும். ஆக வெளியே வருவது 500 − 55 = 445 மோல். அதில் மெத்தனால் 6.2 சதவீதம்தான். திரவத்தை எடுத்தால் 445 − 27.5 − 7.3 = 410 மோல்; 10 வெளியேற்றம், 400 மறுசுழற்சி. கணக்கு மூடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரு கடவில் வந்த கார்பன் ஆக்சைடில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான் மாறுகிறது. ஆனால் மொத்தத்தில் 92 சதவீதம் மாறிவிடுகிறது. இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வதே மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி வரும் தவறு.

M-இன் சிறு பிழை என்ன செய்யும் என்றும் பாருங்கள். புதிய வாயுவில் ஹைட்ரஜன் 68-க்குப் பதில் 70 மோல் வந்தால் M வெறும் 2.07. ஆனால் கார்பன் ஆக்சைடு கிடைக்காத அந்த 2 மோல் ஹைட்ரஜனும் மீத்தேனைப்போலவே சுற்றில் தங்கும். வெளியேற்ற வேண்டிய சுமை இரட்டிக்கும். வெளியேற்று வாயு வீணாவதில்லை. பெரும்பாலும் மீத்தேனை உடைக்கும் உலைக்கு எரிபொருளாகும், அல்லது அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுப்பார்கள். M 2-க்குக் கீழே போனால் எதிர்ச் சிக்கல்: கார்பன் ஆக்சைடுகள் தேங்கி, துணைப்பொருள்கள் பெருகும்.

பிரிகலனின் வெப்பநிலையும் மறுசுழற்சியைப் பாதிக்கும். 40 °C-இல் மெத்தனாலின் ஆவியழுத்தம் 0.35 பார், 80 பாரில் மறுசுழலும் வாயுவில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத் தங்கும். குளிர்விப்பான் அழுக்கடைந்து 50 °C ஆனால் ஆவியழுத்தம் 0.56 பாருக்கு ஏறும். அந்த மெத்தனால் வினைக்கலனுக்குத் திரும்பிப் போய்ச் சமநிலையைப் பின்னுக்குத் தள்ளும். உற்பத்தி குறைந்ததும் வினையூக்கியைச் சந்தேகிப்பதற்கு முன் இந்த வெப்பநிலையைப் பாருங்கள்.

6. செயல் குறைந்தால் காரணம் எது?

கந்தகம் தாமிரத்தோடு உறுதியாக ஒட்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்கில் பத்தில் ஒன்றுக்கும் கீழே அதை வைக்க வேண்டும். அது நுழைவாயிலில் உள்ள வினையூக்கியை முதலில் பிடித்து, பட்டையாகக் கீழே நகரும். அடையாளம்: குழாயின் மேல்பகுதியில் வெப்பநிலை ஏறாமல் தட்டையாகி, மிகச் சூடான இடம் மாதக்கணக்கில் கீழே இறங்கும்.

குளோரைடு இன்னும் மோசம். அது நகரக்கூடிய தாமிர, துத்தநாகச் சேர்மங்களை உண்டாக்கி, துகள்களை ஒன்றுசேர்த்து வளரச் செய்யும். படுக்கையின் ஆழம்வரை பரவும். கொதிகலன் நீரும் நீராவியும் அது வரும் வழிகள்.

இரும்பு வரும் விதம் தனி. சூடான கார்பன் எஃகுக் குழாயில் CO பட்டால் ஆவியாகும் Fe(CO)₅ உண்டாகி, வாயுவோடு பயணித்து, வினையூக்கியின் மேல் சிதைந்து இரும்பாகப் படியும். இரும்பு மெத்தனால் தராது. நீண்ட சங்கிலி ஹைட்ரோகார்பன்களைத் தரும். குளிர்விப்பானில் மெழுகு படிகிறது, அழுத்த இழப்பு ஏறுகிறது, பண்படா மெத்தனால் கலங்கலாக இருக்கிறது என்றால் இரும்பைத் தேடுங்கள். CO மிகுந்த சூடான பகுதிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான்.

இவை எதுவும் இல்லாமல் செயல் மெதுவாக, எல்லா இடத்திலும் ஒரே சீராகக் குறைந்தால் அது தாமிரத் துகள்கள் ஒன்றுசேர்ந்து வளர்வது. அதற்கு மருந்து கிடையாது. வெப்பநிலையையும் நீராவியையும் குறைவாக வைத்துத் தள்ளிப்போடத்தான் முடியும்.

7. சுத்திகரிப்பு

நம் சுற்றிலிருந்து வந்த திரவம் 27.5 மோல் மெத்தனால், 7.3 மோல் நீர்: 881 கிராமும் 131 கிராமும். எடையில் 13 சதவீதம் நீர். துணைப்பொருள்கள் மொத்தமாக ஒரு சதவீதத்தையும் எட்டாது. ஆனால் அவற்றை நீக்குவதுதான் கடினம்.

முதலில் திரவத்தின் அழுத்தத்தை 5 பார் அளவுக்குக் குறைத்து, கரைந்திருக்கும் CO₂, மீத்தேன், ஹைட்ரஜன் ஆகியவற்றை விடுவிப்பார்கள். சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து ஃபார்மிக் அமிலம் போன்றவற்றை நடுநிலையாக்குவார்கள். இல்லையென்றால் கோபுரத்தின் எஃகு அரிக்கும்.

முதல் கோபுரம் இலகுவானவற்றை மேலே அனுப்புகிறது: டைமெத்தில் ஈத்தர் (−25 °C), மெத்தில் ஃபார்மேட் (32 °C), மீந்த CO₂. இங்கே தொல்லை தருவது அசிட்டோன். அதன் கொதிநிலை 56 °C. மெத்தனாலோடு மாறாக் கொதிநிலைக் கலவையும் உண்டாக்கும். கோபுரத்தின் மேல்பகுதியில் நீர் சேர்த்தால் அசிட்டோன் போன்றவை மெத்தனாலைவிட எளிதாக ஆவியாகும் நிலைக்கு வரும். மெத்தனாலில் நீர் சேர்ப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் அந்த நீரை அடுத்த கோபுரம் எப்படியும் பிரிக்கப்போகிறது.

இரண்டாவது கோபுரத்தில் மெத்தனால் (64.7 °C) மேலே, நீர் கீழே. இவை இரண்டும் மாறாக் கொதிநிலைக் கலவை உண்டாக்குவதில்லை என்பதால் வேலை நேரானது. சிக்கல் எத்தனாலில். மெத்தனால் மிகுந்த மேல்தட்டுகளில் எத்தனால் கீழே இறங்கும். நீர் மிகுந்த கீழ்த்தட்டுகளில் அது நீரைவிட எளிதில் ஆவியாகி மேலே ஏறும். இரண்டு பக்கமும் தள்ளப்பட்டு, உள்ளீட்டுக்குக் கீழே நடுத்தட்டுகளில் சேரும். புரோப்பனாலும் பியூட்டனாலும் அங்கேயேதான் சேரும். அந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு சிறு ஓட்டத்தை எடுக்க வேண்டும். இதை ஃபூசல் எண்ணெய் என்பார்கள். எடுக்காமல் விட்டால் சில காலம் ஒன்றும் தெரியாது. பிறகு நடுத்தட்டுகளின் வெப்பநிலை மெதுவாக மாறி, திடீரென எத்தனால் விளைபொருளில் தலைகாட்டும். அப்போது கோபுரத்தின் உச்சியிலிருந்து திரவத்தைத் திரும்ப விடும் மீள்பாய்ச்சலை மட்டும் கூட்டினால் நீராவிதான் செலவாகும். பக்க ஓட்டத்தைக் கூட்டுவதே சரியான திருத்தம்.

நீராவியை மிச்சப்படுத்த இந்த இரண்டாவது வேலையை இரு கோபுரங்களாகப் பிரிப்பதும் உண்டு. ஒன்று 7 பார் அளவில் ஓடும். அதன் மேலாவி 120 °C-ஐத் தாண்டியிருக்கும். அது குளிரும்போது விடும் வெப்பமே வளிமண்டல அழுத்தத்தில் ஓடும் அடுத்த கோபுரத்தின் அடிப்பாகத்தைக் கொதிக்கவைக்கும். கோபுரம் ஒன்று கூடினாலும் வெப்பச் செலவில் பெரும்பகுதி மிஞ்சும்.

முடிவில் விளைபொருளைச் சோதிக்கிறோம். பன்னாட்டு வணிகத் தரத்தில் உலர் நிலையில் குறைந்தது 99.85 சதவீதத் தூய்மை, நீர் அதிகபட்சம் 0.1 சதவீதம். பர்மாங்கனேட் சோதனையும் உண்டு: 15 °C-இல் பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைசல் சேர்த்தால் அதன் நிறம் 60 நிமிடமாவது தாக்குப்பிடிக்க வேண்டும். எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் மாசு எது இருந்தாலும் நிறம் முன்பே மங்கும். நிறம் விரைவில் மங்கினாலும் நீரளவு சரியாக இருந்தால் முதல் கோபுரத்தையும் அதில் சேர்க்கும் நீரையும் பாருங்கள். நீரும் எத்தனாலும் கூடியிருந்தால் இரண்டாவது கோபுரத்தைப் பாருங்கள். மீன் வாடை வந்தால் வாயுவில் அம்மோனியா கலந்து மெத்தில் அமீன்கள் உண்டாகியிருக்கின்றன. அந்தத் தேடலைக் கோபுரங்களில் தொடங்காமல் வினைக்கலனுக்கு முன்னால் வரும் வாயுவில் தொடங்க வேண்டும்.